மேட்டில் ஏறும்போது பெட்ரோல் இன்ஜின் தட்டுகிறதா? அறிகுறியை வைத்துக் காரணம் கண்டுபிடிக்கும் முறை

வேலூரில் மார்ச் கடைசியில் வெயில் ஏறத் தொடங்கியதும் ஒரே புகார் திரும்பத் திரும்ப எங்கள் பணிமனைக்கு வருகிறது. "சமதரையில் நன்றாகத்தான் ஓடுகிறது. ஏலகிரி ஏறும்போது மட்டும் உள்ளே யாரோ ஆணியால் தட்டுவது போலச் சத்தம்." வருகிறவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்பே 95 ஆக்டேன் பெட்ரோலுக்கு மாறியிருப்பார்கள். சிலருக்குச் சத்தம் குறைந்திருக்கும், சிலருக்கு எந்த மாற்றமும் இருக்காது. இரண்டு தரப்புக்குமே உண்மையான காரணம் தெரியாமலே பணம் போய்க்கொண்டிருக்கும்.

நாக்கிங் என்று நாம் சொல்லும் இந்தத் தட்டலுக்கு ஆறேழு காரணங்கள்தான் உண்டு. அவற்றில் பாதிக்குச் செலவே இல்லை. உங்கள் வண்டியின் அறிகுறி எந்தத் தலைப்பில் வருகிறதோ அங்கே போய்ப் படியுங்கள். ஆனால் முதல் தலைப்பை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

## முதலில்: இது நாக்கிங்தானா?

நாக்கிங் சுமையில்தான் வரும். மேட்டிலோ, ஆட்களை ஏற்றிக்கொண்டு வேகமெடுக்கும்போதோ, ஆக்சிலரேட்டரை நன்றாக அழுத்தியவுடன் மெல்லிய உலோகத் தட்டல் கேட்கும். காலை எடுத்த அந்த நொடியிலேயே நின்றுவிடும். இந்த ஒரு சோதனையே பாதி வேலையை முடித்துவிடுகிறது.

வண்டி நின்றபடி ஐடிலிங்கில் ஓடும்போதே டக் டக் என்று சீராகக் கேட்டால் அது பெரும்பாலும் டேப்பட் இடைவெளி. இன்ஜின் சூடானதும் அந்தச் சத்தம் மாறினால் சந்தேகம் இன்னும் உறுதியாகும். ஆழமான கனத்த இடிச் சத்தம் கேட்டு, அதோடு ஆயில் விளக்கும் எரிந்தால் கனெக்டிங் ராடு பேரிங் போயிருக்கலாம். அந்த நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது. இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் சலசலவென்று தகரம் அதிர்ந்தால் சைலன்சரின் வெப்பத் தடுப்புத் தகட்டைக் கையால் அசைத்துப் பாருங்கள். இன்ஜின் ஆறிய பிறகு அசைத்துப் பாருங்கள்.

சந்தேகம் தீராவிட்டால் சுமை கொடுத்துப் பாருங்கள். விடியற்காலையில் போக்குவரத்து இல்லாத ஒரு மேம்பாலத்தின் ஏற்றத்தில் மூன்றாவது கியரில், மணிக்கு முப்பது கிலோமீட்டர் அளவில், ஆக்சிலரேட்டரை முக்கால் பங்கு அழுத்துங்கள். கண்ணாடிகளை இறக்கி வையுங்கள். சுவரோரமாகப் போனால் சத்தம் எதிரொலித்துத் தெளிவாகக் கேட்கும். அங்கே தட்டி, காலை எடுத்ததும் நின்றால் நாக்கிங்தான்.

## அறிகுறி: பெரிய கியரில் குறைந்த வேகத்தில் மட்டும் தட்டுகிறது

காரணம் ஓட்டும் முறை. செலவில்லை.

கொண்டை ஊசி வளைவில் வேகம் குறைந்த பிறகும் நான்காவது கியரிலேயே வைத்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால், நல்ல இன்ஜினும் தட்டும். பிளக் பற்றவைத்த தீ, சிலிண்டரின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை பரவ வேண்டும். அது போய்ச் சேருவதற்குள், கடைசி மூலையில் நசுங்கிச் சூடேறிக் காத்திருக்கும் கலவை தானாகவே பற்றிக்கொண்டால் அழுத்தம் ஒரே அடியாக உயர்ந்து சுவரில் மோதுகிறது. நமக்குக் கேட்பது அந்த மோதல்தான். இன்ஜின் மெதுவாகச் சுழலும்போது அந்த மூலைக் கலவைக்குத் தானாகப் பற்றிக்கொள்ள அதிக நேரம் கிடைக்கிறது. வேகமாகச் சுழன்றால், அதற்குள் தீயே வந்து சேர்ந்துவிடும்.

எனவே ஒரு கியர் குறைத்து ஏறிப் பாருங்கள். இன்ஜின் உறுமும், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. "பெரிய கியரில் போனால் பெட்ரோல் மிச்சம்" என்பது சமதரைக்குப் பொருந்தும். மேட்டில் அது இன்ஜினை நெரிப்பது. கியர் குறைத்ததும் தட்டல் முழுவதும் மறைந்து, வேறு எந்தக் குறையும் இல்லையென்றால் இதோடு விட்டுவிடலாம்.

ஆனால் போன வருடம் இதே மேட்டை இதே கியரில் சத்தமில்லாமல் ஏறிய வண்டி இந்த வருடம் தட்டுகிறது என்றால் ஓட்டும் முறையைக் குறை சொல்லிப் பயனில்லை. கீழே "மாதக்கணக்கில்" என்ற தலைப்புக்குப் போங்கள்.

## அறிகுறி: காலையில் இல்லை, மதிய வெயிலில் மட்டும் தட்டுகிறது

காரணம் சூடு. மே மாதத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊரில் இன்ஜின் உறிஞ்சும் காற்றே கொதித்துக்கொண்டுதான் உள்ளே போகிறது. அதோடு இன்ஜினும் தேவைக்கு மேல் சூடானால் மூலைக் கலவை தானாகப் பற்றிக்கொள்வது எளிதாகிவிடும்.

காரில் முதலில், இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, கூலண்ட் அளவைப் பாருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பீறிட்டுவிடும். அடுத்து ஏசி போட்டு வண்டியை நிறுத்தி வைத்து, ரேடியேட்டர் விசிறி சுழல்கிறதா என்று பாருங்கள். அதன்பின் ரேடியேட்டரின் முகப்பைப் பாருங்கள். நெடுஞ்சாலையில் பூச்சியும் புழுதியும் அடைத்து மெத்தை போல ஆகியிருக்கும். குறைந்த அழுத்தத் தண்ணீரில், முடிந்தால் உள்பக்கத்திலிருந்து வெளியே வருமாறு கழுவினாலே போதும். கூலண்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டிய வண்டியென்றால் உள்ளே சுண்ணாம்பு படிந்திருக்கும். இந்தப் பகுதியின் உப்புத் தண்ணீருக்கு அது சீக்கிரமே நடக்கும். அதை வெளியே கழுவித் தீர்க்க முடியாது. ரேடியேட்டர் வேலைக்காரரிடம்தான் கொடுக்க வேண்டும்.

காற்றால் குளிரும் பைக்கில், சிலிண்டரைச் சுற்றியுள்ள தகட்டு மடிப்புகளுக்கு இடையே ஒட்டிய சேற்றைச் சுரண்டி எடுங்கள். ஆயில் அளவைப் பாருங்கள். ஆயில் குறைந்த பைக், வெளியில் ஒன்றும் தெரியாமல் உள்ளே கொதிக்கும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் வெயிலில் மட்டும் தட்டினால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நலம். சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால், அல்லது பொடிப்பொடியாக வெள்ளி நிறப் புள்ளிகள் ஒட்டியிருந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தப் புள்ளிகள் பிஸ்டனிலிருந்து உருகி வந்த அலுமினியமாக இருக்கலாம். அதே சமயம் பிளக்கின் எண்ணையும் பாருங்கள். கடைக்காரர் "இதுவும் பொருந்தும்" என்று கொடுத்த, அதிகம் சூடாகும் வகைப் பிளக்காக இருக்கக்கூடும். இதில் ஒரு குழப்பம் உண்டு. என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் குளிர்ந்த வகை. பாஷ் பிளக்கில் எண் கூடினால் சூடான வகை. ஒரு நிறுவனத்தின் எண்ணை வைத்துக்கொண்டு இன்னொரு நிறுவனத்தின் பிளக்கை வாங்காதீர்கள். வண்டிக் கையேட்டில் போட்டிருக்கும் எண்ணையே கேட்டு வாங்குங்கள்.

பழைய கார்புரேட்டர் பைக்குகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் தட்டலைத் தடுக்கும் பொருள்தான். பழியை அதன் ஆக்டேன் மேல் போடக்கூடாது. ஆனால் எத்தனால் எரிய, பெட்ரோலைவிடக் குறைந்த காற்றே போதும். தூய பெட்ரோலுக்கு என்று அளவு வைத்த ஜெட்டில் இந்தக் கலவை போகும்போது, எரிபொருளுக்கு மிஞ்சிய காற்று உள்ளே இருக்கும். இன்ஜின் சூடாகும், பிளக் வெளுக்கும். இன்ஜெக்‌ஷன் வண்டி ஆக்சிஜன் சென்சார் வழியாக இதை ஓரளவு தானே சரிசெய்துகொள்ளும், கார்புரேட்டரால் முடியாது. அடுத்த அளவு மெயின் ஜெட் போட்டு, பிளக்கின் நிறத்தைப் பார்த்து அளவு வைக்கத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். திருகாணியை நீங்களே திருகிக் கண்மதிப்பில் வைக்க வேண்டாம்.

## அறிகுறி: பெட்ரோல் போட்ட மறுநாளே தொடங்கியது

காரணம் எரிபொருளாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அதை நிரூபித்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் டாங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் பிடித்து, அரை மணி நேரம் நிழலில் அசையாமல் வையுங்கள். அடியில் தனியாக ஓர் அடுக்கு தெரிந்தால் அது தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடி சரியில்லாத டாங்குகளில் இது நடக்கும். தண்ணீர் இறங்கியதும் எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டு தண்ணீரோடு சேர்ந்து அடியில் உட்கார்ந்துவிடும். மேலே மிஞ்சிய பெட்ரோல் எத்தனாலை இழந்து, ஆக்டேனும் குறைந்துபோய் நிற்கும். டாங்கை முழுவதும் வடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அடுக்கு இல்லையென்றால் ஒரு சொட்டை வடிதாளில் விடுங்கள். நல்ல பெட்ரோல் கறை விடாமல் ஆவியாகிவிடும். எண்ணெய் போலக் கறை தங்கினால் டீசலோ மண்ணெண்ணெயோ கலந்திருக்கலாம். இந்த வடிதாள் சோதனையைப் பங்கிலேயே செய்து காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அடர்த்தியையும் அளந்து காட்டச் சொல்லலாம். அவர்கள் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கும் அடர்த்தியோடு, 15 டிகிரிக்கு மாற்றிக் கணக்கிட்ட அளவு ஒத்துப்போக வேண்டும். மண்ணெண்ணெயின் ஆக்டேன் மிகவும் குறைவு. கொஞ்சம் கலந்தாலே மேட்டில் தெரிந்துவிடும்.

இரண்டு சோதனையிலும் ஒன்றும் தெரியாவிட்டால், டாங்க் காலியாகும் வரை மென்மையாக ஓட்டிவிட்டு வேறு பங்கில் நிரப்புங்கள். தட்டல் அப்படியே தொடர்ந்தால் பெட்ரோல் மேல் பழி இல்லை.

## அறிகுறி: 95 போட்டும் மாற்றமில்லை, அல்லது 95 போட்டால் மட்டும் குறைகிறது

இங்கேதான் அதிகப் பணம் வீணாகிறது. அதனால் இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

ஆக்டேன் எண் பெட்ரோலின் சக்தியை அளப்பதில்லை. சுத்தத்தையும் அளப்பதில்லை. 95 என்பதில் 91ஐவிட அதிக வலு அடங்கியிருக்கிறது என்று நினைப்பவர்கள் ஏராளம். அப்படி ஒன்றும் இல்லை. அழுத்திச் சூடேற்றும்போது தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாங்கும் என்பதை மட்டும்தான் அந்த எண் சொல்கிறது.

அதை அளக்கும் விதம் மிக நேர்மையானது. ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்ப்ரஷனைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒற்றைச் சிலிண்டர் சோதனை இன்ஜின் ஒன்று இருக்கிறது. சோதிக்க வேண்டிய பெட்ரோலை ஊற்றி, குறிப்பிட்ட அளவு தட்டும் வரை கம்ப்ரஷனைக் கூட்டுவார்கள். பிறகு இரண்டு தூய திரவங்களின் கலவையை அதே இன்ஜினில் ஓட்டிப் பார்ப்பார்கள். ஐசோஆக்டேன் எளிதில் தட்டாது. அதற்கு 100 மதிப்பெண். நார்மல் ஹெப்டேன் தொட்டால் தட்டும், அதற்கு 0. 91 பங்கு ஐசோஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை தட்டும் அளவுக்கே உங்கள் பெட்ரோலும் தட்டினால் அதன் எண் 91. அந்தப் பெட்ரோலுக்குள் ஐசோஆக்டேன் 91 சதவீதம் இருக்கிறது என்று பொருளல்ல. அதைப் போல நடந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

இதே இன்ஜினில் இரண்டு விதமாகச் சோதிப்பார்கள். பங்கில் எழுதியிருக்கும் 91, 95 எல்லாம் ரிசர்ச் முறை எண்கள். அதில் இன்ஜின் நிமிடத்துக்கு 600 சுற்று மட்டுமே சுற்றும், உள்ளே போகும் காற்றும் மிதமான சூட்டில் இருக்கும். மோட்டார் முறையில் 900 சுற்று. காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையை ஏறக்குறைய 150 டிகிரிக்குச் சூடேற்றி அனுப்புவார்கள். அந்தக் கடுமையில் அதே பெட்ரோல் குறைந்த எண்ணைத்தான் வாங்கும். நம் நாட்டுத் தர விதியில் 91 பெட்ரோலுக்கு மோட்டார் முறையில் குறைந்தபட்சம் 81, 95 பெட்ரோலுக்கு 85. இன்ஜினும் காற்றும் கொதிக்கும்போது பெட்ரோலின் தாங்கும் திறன், பங்கில் எழுதியிருக்கும் எண் அளவுக்கு இருக்காது என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

இனி உங்கள் வண்டிக்கு வருவோம். கையேட்டில் 91 போதும் என்று போட்டிருந்தால், நல்ல நிலையில் உள்ள இன்ஜின் 91இல் தட்டக்கூடாது. 95 போட்டால்தான் தட்டல் நிற்கிறது என்றால், இன்ஜினுக்கு இப்போது முன்பைவிட அதிக ஆக்டேன் தேவைப்படுகிறது. ஏதோ ஒன்று அதன் கம்ப்ரஷனையோ சூட்டையோ கூட்டியிருக்கிறது. 95 அந்த நோயை மறைக்கும், ஆனால் தீர்க்காது. அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

95 போட்டும் துளியும் மாறவில்லை என்றால் மீண்டும் முதல் தலைப்புக்குப் போய், அது நாக்கிங்தானா என்று உறுதி செய்யுங்கள். பல வண்டிகளில் அது டேப்பட்டாக இருந்திருக்கிறது.

கையேட்டிலேயே 95 கேட்டிருக்கும் அதிக கம்ப்ரஷன் இன்ஜினென்றால் கதை வேறு. அதற்கு 95 ஆடம்பரமல்ல, தேவை.

## அறிகுறி: மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே வந்தது

பெரும்பாலும் கார்பன். பிஸ்டன் தலையிலும் வால்விலும் படியும் கரி மேலோடு, உள்ளே இருக்கும் இடத்தைக் குறைத்துக் கம்ப்ரஷனைக் கூட்டுகிறது. அதோடு சூட்டை வெளியே விடாமல் பிடித்தும் வைக்கிறது. இரண்டுமே தட்டலை வரவழைக்கும்.

குடியாத்தத்திலிருந்து ஓர் ஆசிரியர் கொண்டுவந்த காரை முழுவதும் சொல்கிறேன். டர்போ இல்லாத 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர், பத்து வயதான வண்டி. தினமும் வீட்டிலிருந்து பள்ளிக்கு நான்கு கிலோமீட்டர், மாலையில் திரும்ப நான்கு. இன்ஜின் சூடாவதற்குள் பயணம் முடிந்துவிடும். மே மாதத்தில் ஐந்து பேரோடு ஏலகிரிக்குப் போனார். புலவர்கள், வள்ளல்கள் பெயர் சூட்டிய பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில், கீழ்ப்பாதியில் முழுக்கத் தட்டியிருக்கிறது. மேலே போகப் போகக் குறைந்திருக்கிறது. "மலை மேலே ஏறியதும் தானாகச் சரியாகிவிட்டது அண்ணே" என்றார். சரியாகவில்லை. ஏலகிரியின் மேல்மட்டம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரம். அங்கே காற்று குளிர்ந்தும் மெலிந்தும் இருப்பதால் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைகிறது, தட்டலும் குறைகிறது. கீழே இறங்கினால் மீண்டும் வரும், வந்தது.

அவர் 95 போட்டுப் பார்த்திருந்தார். சத்தம் குறைந்தது, ஆனால் முழுவதும் போகவில்லை.

ஸ்கேனரை மாட்டிக்கொண்டு மேம்பால ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஓட்டினோம். கூலண்ட் 96 டிகிரிக்கு மேல் போகவில்லை. எனவே சூடு காரணமல்ல. எரிபொருள் திருத்த அளவு மூன்று சதவீதத்துக்குள் இருந்தது. எனவே காற்றுக் கசிவும் அடைத்த இன்ஜெக்டரும் காரணமல்ல. ஆனால் பிளக் பற்றவைக்கும் கோணம், சுமை ஏறியதும் 18 டிகிரியிலிருந்து 6 டிகிரிக்கு விழுந்தது. நாக் சென்சார் தட்டலைக் கேட்டு, இன்ஜினைக் காப்பாற்ற டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம். அதையும் மீறித்தான் சத்தம் நம் காதுக்கு எட்டியிருக்கிறது.

பிளக்குகளைக் கழற்றினோம். மூன்று வெளிர் பழுப்பு. மூன்றாவது சிலிண்டரின் பிளக் மட்டும் ஆயில் ஈரத்தோடு கறுத்து மேலோடு கட்டியிருந்தது. கம்ப்ரஷன் கேஜில் வரிசையாக 180, 185, 220, 180 என்று காட்டியது. கம்ப்ரஷன் குறைந்தால்தான் கவலைப்பட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒன்று மட்டும் இப்படி உயர்ந்து நிற்பதும் நோயின் அடையாளம்தான். ஆயில் ஈரமும் கேஜைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டும் என்பதால், பிளக் துளை வழியாகச் சிறிய கேமராவை இறக்கிப் பார்த்தோம். பிஸ்டன் தலை முழுக்கக் கரிப்பாளம். வால்வு சீல் கசிந்து, மேலிருந்து ஆயில் இறங்கி, குறுந்தூர ஓட்டத்தில் சரியாக எரியாமல் படிந்திருந்தது.

ஹெட்டை இறக்கலாம் என்பதுதான் எளிதான பதில். நாங்கள் முதலில் செலவு குறைந்த வழியை எடுத்தோம். கார்பன் கரைக்கும் திரவத்தைப் பிளக் துளை வழியாக ஊற்றி இரவு முழுக்க ஊற வைத்தோம். காலையில் மிஞ்சியதை முழுவதும் உறிஞ்சி எடுத்து, பிளக் இல்லாமலே இன்ஜினைச் சுற்றவிட்டு, பிறகு ஆயிலும் ஃபில்டரும் மாற்றினோம். இதில் எந்தப் படியையும் தவிர்க்கக்கூடாது. சிலிண்டரில் திரவம் தேங்கியிருக்கும்போது பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இந்தக் காரணத்தாலேயே இதை வீட்டில் செய்ய வேண்டாம் என்று சொல்கிறேன்.

மூன்றாவது சிலிண்டர் 195க்கு இறங்கியது. அடுத்து வால்வு சீல். இதற்கும் ஹெட்டை இறக்க வேண்டியதில்லை. சிலிண்டருக்குள் அழுத்தக் காற்றைச் செலுத்தி, வால்வு கீழே விழாமல் பிடித்துக்கொண்டு மேலிருந்தே சீலை மாற்றலாம். மாற்றிய பின் அதே ஏற்றத்தில், 91 பெட்ரோலில், கோணம் 16க்குக் கீழே இறங்கவில்லை. காதுக்கும் ஒன்றும் கேட்கவில்லை. வாரத்தில் ஒருநாளாவது ஆம்பூர் வரை நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு வரச் சொல்லி அனுப்பினோம்.

எல்லா வண்டிக்கும் இது பலிக்காது. பாளம் கெட்டிப்பட்டு, ஊற வைத்த பிறகும் கம்ப்ரஷன் இறங்காவிட்டால் ஹெட்டை இறக்கித்தான் ஆக வேண்டும். கேஸ்கெட், லேத் வேலை, கூலி என்று செலவு பல ஆயிரங்களைத் தாண்டும். அந்த முடிவுக்கு வருமுன் கேஜ் அளவையும் கேமராப் படத்தையும் உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். இரண்டையும் காட்டாமல் "ஹெட்டை இறக்கணும்" என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

## அறிகுறி: சத்தமே இல்லை, ஆனால் மேட்டில் இழுவை குறைந்து மைலேஜும் விழுந்தது

நாக் சென்சார் உள்ள காரில், தட்டல் காதுக்கு வருவதற்கு முன்பே கணினி டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துவிடும். அதனால் நோய் சத்தமாக வராமல் சோம்பலாக வரும். மேலே சொன்னபடி ஸ்கேனரில் டைமிங் கோணத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சென்சாரே பழுதாகியிருந்தாலும் இதே அறிகுறிதான். தட்டலைக் கேட்க முடியாத கணினி, பாதுகாப்புக்காக எப்போதும் பின்னுக்கு இழுத்தே ஓட்டும். இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் `P0325` அல்லது `P0327` வந்தால் முதலில் ஒயரையும் சாக்கெட்டையும் பாருங்கள். எலி கடித்த ஒயர்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். சென்சாரை மாற்றினால் அதன் போல்ட்டை டார்க் ரெஞ்ச் கொண்டு கையேட்டில் சொன்ன அளவுக்கே முறுக்க வேண்டும். அது அதிர்வைக் கேட்கும் கருவி. தளர்வாக இருந்தாலும் அதிகம் இறுக்கினாலும் தப்பாகவே கேட்கும்.

## அறிகுறி: சாவியை எடுத்த பிறகும் பழைய பைக் குலுங்கிக்கொண்டே ஓடுகிறது

கார்புரேட்டர் வண்டிகளில் மட்டும்தான் இது வரும். உள்ளே கனன்று நிற்கும் கரித்துண்டோ, தவறான சூட்டு வகைப் பிளக்கோ, மின்பொறி இல்லாமலே பற்றவைக்கிறது. பிளக் எண்ணைச் சரிபாருங்கள், ஐடிலிங் வேகத்தைக் குறையுங்கள். தீராவிட்டால் கார்பன் எடுக்க வேண்டும்.

## அறிகுறி: டர்போ காரில் ஒற்றைப் பெரிய இடி

சிறிய டர்போ நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜினில், பெரிய கியரில் குறைந்த சுற்றில் முழுவதும் அழுத்தியபோது ஒரே ஒரு முறை பலமாக இடித்தால் அது மேலே சொன்ன எந்த வகையிலும் சேராது. பிளக் பொறி விடும் முன்பே, பெரும்பாலும் ஆயில் துளி ஒன்றால், கலவை பற்றிக்கொண்டிருக்கிறது. சாதாரண நாக்கிங் இன்ஜினைச் சிறிது சிறிதாகத் தின்னும். இது ஒரே இடியில் பிஸ்டனை உடைக்கக்கூடும்.

நீங்கள் செய்யக்கூடியது இரண்டு. கியரைக் குறைத்து ஓட்டுங்கள். அடுத்த முறை ஆயில் மாற்றும்போது டப்பாவில் `API SP` என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இந்தச் சிக்கலைக் குறைக்கும் சோதனையில் தேறிய ஆயில்களுக்கு அந்தக் குறி உண்டு. கையேட்டில் சொன்ன பாகுநிலையும் ஒத்துப்போக வேண்டும். இரண்டாவது முறையும் இடித்தால் வாரண்டி இருக்கும்போதே கம்பெனி சர்வீஸில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு இழுவை குறைந்தாலோ, நீலப் புகை வந்தாலோ, ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் வண்டி குலுங்கினாலோ, அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்திவிட்டு இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.